ஒத்தக்கடைத் தனி வீட்டு வீடியோவுக்கு விவரக் குறிப்பு எழுதுவது எப்படி?

கேள்வி: மதுரையில் வீடு, மனை வீடியோ எடுத்துப் போடுகிறேன். ஒத்தக்கடைப் பக்கம் ஒரு தனி வீடு வந்திருக்கிறது. ஓனர் சொல்வது: 3 சென்ட், 1,450 சதுர அடி, 68 லட்சம், அப்ரூவ்டு, 100% கிளியர் டைட்டில், மெயின் ரோட்டிலிருந்து 5 நிமிடம், மெட்ரோ வரப்போகிறது. வீடியோவுக்குக் கீழே டிஸ்கிரிப்ஷனில் இதையெல்லாம் எப்படி எழுதுவது? எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது?

பதில்:

உரிமையாளர் உங்களிடம் சொன்னவை எல்லாம் ஒரே தரத்துச் செய்திகள் அல்ல. மனையின் அளவு பத்திரத்தில் இருக்கிறது. அறையின் அளவு டேப் வைத்தால் தெரிந்துவிடும். கிணற்று நீரின் அளவும் போரின் ஆழமும் உரிமையாளரின் வாய்ச்சொல். மெட்ரோ ரயிலோ உங்கள் கையிலும் இல்லை, அவர் கையிலும் இல்லை. விவரக் குறிப்பில் எழுதும் ஒவ்வொரு வாக்கியமும் இவற்றில் எதிலிருந்து வந்தது என்பது படிப்பவருக்குத் தெரியவேண்டும். வீடியோவில் தரையும் சுவரும் சமையலறை மேடையும் தெரியும். பரப்பளவு, விலை, ஆவணம் ஆகிய மூன்றும் வீடியோவில் தெரியாது. வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்து பார்ப்பவர் விடுப்பு போட்டு நேரில் வரலாமா வேண்டாமா என்பதை அந்த மூன்றை வைத்துத்தான் முடிவு செய்கிறார். ஆகவே விவரக் குறிப்பு அந்த மூன்றுக்காகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆவணங்களில் உள்ள எண்களை நீங்கள் தரவில்லை. எனவே உரிமையாளர் சொன்ன 3 சென்ட், 1,450 சதுர அடி ஆகிய அளவுகளுக்குப் பின்னால் வழக்கமாக என்ன இருக்கும் என்பதை ஓர் உதாரணக் கணக்காக எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். உங்கள் வீட்டின் உண்மையான எண்களை அந்தந்த இடத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் மனை. கிரயப் பத்திரத்தின் கடைசியில் உள்ள சொத்து விவரப் பகுதியைப் படியுங்கள். நான்கு எல்லைகளைச் சொன்ன பிறகு கிழமேல் இத்தனை அடி, தென்வடல் இத்தனை அடி என்று அதில் இருக்கும். கிழமேல் 30 அடி, தென்வடல் 43 அடி என்று இருந்தால் மனை 1,290 சதுர அடி. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. ஆகவே இது 2.96 சென்ட். உரிமையாளர் இதைத்தான் 3 சென்ட் என்கிறார். பேச்சில் அது தவறே இல்லை. ஆனால் 3 சென்ட் என்று எழுத்தில் போட்டால் 1,306.8 சதுர அடி என்று பொருள். இந்த 17 சதுர அடி வித்தியாசம் பணத்தில் பெரிதல்ல என்றாலும், சென்டு விலை பேசும் ஊரில் வாங்குபவர் பத்திரத்தைப் பார்த்த கையோடு ‘கூட்டிக் காட்டியிருக்கிறார்களே’ என்று நினைக்க அது போதும். எனவே இரண்டு எண்ணையும் சேர்த்து, ‘1,290 சதுர அடி, அதாவது 2.96 சென்ட், பத்திரப்படி’ என்று எழுதுங்கள். சென்டு மதுரை வாசகருக்குப் பழக்கம். சென்னைக்காரர் கிரவுண்டில் யோசிப்பார். ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி, அதாவது ஏறத்தாழ ஐந்தரை சென்ட். சதுர அடி இருந்தால் இருவருக்கும் புரியும் என்பதால் கிரவுண்டையும் சேர்த்து எழுதிக் குழப்ப வேண்டியதில்லை. குழி, மா போன்ற அளவுகளை விவரக் குறிப்பில் பயன்படுத்தவே வேண்டாம். குழியின் அளவு வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுகிறது.

பத்திரத்தோடு பட்டாவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர் 10.764 சதுர அடி. நம் உதாரண வீட்டின் பட்டாவில் 1.20 ஏர் என்று இருந்தால் அது 120 சதுர மீட்டர், அதாவது சுமார் 1,292 சதுர அடி. பத்திரத்தோடு இது பொருந்துகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பட்டாவில் 1.10 ஏர் மட்டும் இருந்தால் சுமார் 1,184 சதுர அடிதான் வரும். நூறு சதுர அடிக்கு மேல் குறைகிறது. அப்போது எது சரி என்று தீர்ப்பது உங்கள் வேலை அல்ல. பத்திரத்தில் இவ்வளவு, பட்டாவில் இவ்வளவு என்று இரண்டையும் எழுதிவிட்டு, நில அளவையாளரை வைத்து அளந்து பார்க்கவேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பட்டா தனிப்பட்டாவா, கூட்டுப் பட்டாவா என்பதையும் குறிப்பிடுங்கள். வெறுமனே ‘பட்டா உண்டு’ என்றால் இரண்டுக்கும் பொருந்தும். வாங்குபவருக்கோ இரண்டும் ஒன்றல்ல.

அடுத்து 1,450 சதுர அடி. இங்கேதான் அதிகமான சிக்கல் வருகிறது, எனவே கொஞ்சம் நின்று பார்ப்போம். தனி வீட்டுக்கு ‘இத்தனை சதுர அடி’ என்று உரிமையாளர் சொல்லும்போது அதற்குள் என்னென்ன அடங்கும் என்பதற்குப் பொது விதி ஏதும் அவர் மனத்தில் இருப்பதில்லை. கொத்தனாருக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசும்போது போர்டிகோவும் மாடிப்படிக்கு மேலே உள்ள ஹெட்ரூமும் கணக்கில் வந்திருக்கும். அந்த எண்தான் அவர் நினைவில் நிற்கும். உதாரணமாக, தரைத்தளம் 760, முதல் தளம் 540, போர்டிகோ 90, ஹெட்ரூம் 60 என்று கூட்டினால் 1,450 வருகிறது. குடியிருக்கும் கட்டடம் இதில் 1,300 சதுர அடிதான். உரிமையாளர் பொய் சொல்லவில்லை. ஆனால் படிப்பவர் 1,450 சதுர அடியையும் அறைகளாகக் கற்பனை செய்துகொள்வார். பிரித்து எழுதிவிட்டால் இந்தத் தவறான எண்ணமே எழாது.

கூட்டுக்கணக்கோடு நின்றுவிடாமல், அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடத்தைக் கேட்டு வாங்கி வீட்டோடு ஒப்பிடுங்கள். மாடியில் இரண்டு படுக்கையறை இருக்கும். வரைபடத்தில் ஒன்றுதான் இருக்கும். பிள்ளைகள் வளர்ந்தபோது மொட்டை மாடியில் 12 அடிக்குப் பன்னிரண்டரை அடியில் ஓர் அறையைப் பிற்பாடு எழுப்பியிருப்பார்கள். அப்படியானால் 150 சதுர அடி வரைபடத்தில் இல்லாத கட்டடம். அனுமதி பெற்றது 1,150 சதுர அடிதான். நேரில் பார்த்துக் கண்டுபிடிக்கவும் வழி உண்டு. பிற்பாடு கட்டிய அறையின் சுவர் பழைய சுவரோடு சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக மெல்லிய கோடாக விரிசல் ஓடும். கூரையின் உயரம் சில அங்குலம் மாறும். தரை ஓடு வேறு நிறமாக இருக்கும். வீட்டுக் கடனுக்கு வரும் மதிப்பீட்டுப் பொறியாளர் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் வீட்டைச் சுற்றுவார். கூடுதல் அறைக்கு மதிப்புப் போடாமல் அவர் விட்டுவிட்டால் கடன் தொகை குறைந்து, வாங்குபவர் கைக்காசு அதிகம் போடவேண்டியிருக்கும். முன்பணம் கொடுத்த பிறகு இது தெரியவந்தால் சண்டைதான் மிஞ்சும். எனவே ‘மூன்று படுக்கையறை; அதில் மாடியிலுள்ள ஒன்று பிற்பாடு கட்டியது, வரைபடத்தில் இல்லை’ என்ற வாக்கியத்தை உரிமையாளர் விரும்பாவிட்டாலும் எழுதுங்கள். உரிமையாளர் ஒத்துக்கொள்ளவே இல்லையென்றால் அந்த வீடியோவை எடுக்காமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து.

அறை அளவுகளை நீங்களே அளந்து எழுதுங்கள். ‘பன்னிரண்டுக்குப் பத்து’ என்று சொல்லப்படும் அறையில் அந்த அளவு பெரும்பாலும் சுவரின் மையத்திலிருந்து மையம் வரை. ஒன்பது அங்குலச் சுவராக இருந்தால் உள்ளே கிடைப்பது 11 அடி 3 அங்குலத்துக்கு 9 அடி 3 அங்குலம். கட்டிலும் பீரோவும் போட்டால் நடக்க இடம் இருக்குமா என்பதை அந்த ஒன்பது அங்குலம்தான் முடிவு செய்யும். கைபேசியில் வைடு லென்ஸ் வைத்து எடுத்த வீடியோவில் எந்த அறையும் பெரிதாகவே தெரியும். ஒடுக்கமான குளியலறைகூட விசாலமாகத் தோன்றும். அதற்காக அந்த லென்ஸைத் தவிர்க்க வேண்டியதில்லை, சிறிய அறையை வேறு விதமாகக் காட்டவும் முடியாது. ‘வைடு லென்ஸில் எடுத்தது, அறை அளவுகள் சுவருக்குச் சுவர் உள்ளளவு’ என்ற ஒரு வரி போதும்.

இதே முறையில் அடுக்குமாடி வீட்டுக்கு எழுதும்போது சதுர அடி என்ற சொல்லை மட்டும் தனியாக விடவே கூடாது. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் கார்பெட் ஏரியாவுக்குத் தெளிவான வரையறை தருகிறது: வெளிச்சுவர், பொதுக் குழாய்ப் பாதைகள், வீட்டுக்கெனத் தனியாக உள்ள பால்கனி, திறந்த மாடி ஆகியவை நீங்கலாக, உள்தடுப்புச் சுவர்கள் உட்பட வீட்டுக்குள் பயன்படும் தளப் பரப்பு. விளம்பரங்களில் பெரிதாகப் போடப்படும் சூப்பர் பில்ட்டப் எண்ணில் மாடிப்படி, லிஃப்ட், வராந்தா ஆகியவற்றின் பங்கும் சேர்ந்திருக்கும். அதோடு யு.டி.எஸ். எனப்படும் பிரிபடாத நிலப் பங்கு எத்தனை சதுர அடி என்பதும் வேண்டும். தனி வீட்டில் அந்தத் தொல்லை இல்லை.

இனி விலை. 68 லட்சம் என்பது உரிமையாளர் எதிர்பார்க்கும் விலை. அந்த வீட்டின் மதிப்பு அல்ல. எனவே ‘உரிமையாளர் கேட்கும் விலை ரூ.68 லட்சம், பேச்சுக்கு உட்பட்டது’ என்று எழுதி, எந்தத் தேதியில் கேட்ட விலை என்பதையும் சேர்க்கவேண்டும். வீடியோவின் முகப்புப் படத்தில் 65 என்றும் விவரக் குறிப்பில் 68 என்றும் இருந்தால் நீங்கள் மற்ற எதைச் சரியாக எழுதியிருந்தாலும் நம்பமாட்டார்கள். விலையைச் சொல்லாமல் ‘விலைக்குத் தொடர்புகொள்ளவும்’ என்று விடுவதையும் நான் பரிந்துரைக்கமாட்டேன். 50 லட்சம் மட்டுமே வைத்திருப்பவரை அலையவிடுவதில் யாருக்கும் பயனில்லை. ‘சந்தை விலையைவிடக் குறைவு’, ‘இரண்டு வருடத்தில் இரட்டிப்பாகும்’ ஆகிய இரண்டையும் ஒருபோதும் எழுதாதீர்கள். முதலாவதைக் காட்ட உங்களிடம் ஆதாரம் இல்லை. இரண்டாவது யாருக்கும் தெரியாது.

வாங்குபவர் 68 லட்சத்தோடு முடிந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. தமிழ்நாட்டில் இதுபோன்ற மறுவிற்பனை வீட்டுக்கு இப்போது முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் ஆகின்றன. வழிகாட்டி மதிப்பின்படி வரும் தொகை, பத்திரத்தில் காட்டும் விலை ஆகிய இரண்டில் எது அதிகமோ அதன் மீது இது கணக்கிடப்படும். 68 லட்சத்துக்கே பத்திரம் எழுதினால் 6 லட்சத்து 12 ஆயிரம். இந்த எண்ணை விவரக் குறிப்பில் போடலாம். ஆனால் விகிதங்கள் அரசாணையால் மாறக்கூடியவை என்பதால் ‘இப்போதைய விகிதப்படி, தோராயமாக’ என்ற சொற்களோடு போடுங்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருப்பதால் வாங்குபவர் ஒரு விழுக்காட்டை, அதாவது 68,000 ரூபாயை, வருமான வரியாகப் பிடித்துச் செலுத்தவேண்டும். இது விலைக்குள் அடங்கியது. மேலே தரும் தொகை அல்ல. இதைக் குறிப்பில் எழுதத் தேவையில்லை, கேட்டால் சொல்லுங்கள். மாறாக, தரகுத் தொகை யார் தருவது, எவ்வளவு என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். பேசாமல் விட்ட தரகு பத்திரப்பதிவு நாளன்று சார்பதிவாளர் அலுவலக வாசலில் தகராறாக வெடிப்பதைத் தரகர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

இடத்தைப் பற்றி எழுதும்போது ‘அருகில்’, ‘பக்கம்’, ‘5 நிமிடம்’ என்ற சொற்களுக்கு எல்லை கிடையாது. மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் போகும் சாலையில் உயர்நீதிமன்றக் கிளை, வேளாண்மைக் கல்லூரி, யானைமலை என்று அடையாளங்கள் நிறைய இருப்பதால் அந்தப் பக்கத்து வீடு எதுவானாலும் ‘ஹைகோர்ட் அருகில்’ என்று எழுதிவிடுகிறார்கள். மலையைச் சுற்றி எந்த ஊரில் இருந்தாலும் யானைமலை தெரியத்தானே செய்யும். முதலில் பத்திரத்தில் உள்ள வருவாய்க் கிராமத்தின் பெயரையும் வட்டத்தையும் எழுதுங்கள். பிறகு வீட்டு வரி ரசீதைப் பார்த்து, வரி ஊராட்சிக்கா மாநகராட்சிக்கா என்று எழுதுங்கள். குடிநீர், பாதாளச் சாக்கடை, வரி விகிதம் எல்லாம் அதைப் பொறுத்தவை. அதன் பிறகே மக்கள் பேச்சில் வழங்கும் பெயரைச் சேருங்கள். ஹாஷ்டேக்கில் கே.கே.நகர், அண்ணா நகர் என்று போடுவதும் இடத்தைத் தவறாகச் சொல்வதுதான். தேடுபவர் கண்ணில் படுவதற்காக என்பது அதற்குச் சாக்கு ஆகாது.

தூரத்தைச் சாலை வழியாக வண்டியோட்டிப் பார்த்து கிலோமீட்டரில் எழுதுங்கள். வரைபடத்தில் நேர்கோடாக அளப்பதில் பயன் இல்லை. ‘மேலூர் சாலையிலிருந்து 1.8 கிலோமீட்டர், கடைசி 300 மீட்டர் மண் சாலை’ என்ற வாக்கியம் ‘மெயின் ரோட்டிலிருந்து 5 நிமிடம்’ என்பதைவிடப் பலமடங்கு உதவும். நிமிடக் கணக்கு வேண்டுமென்றால் எந்த நேரத்தில், எந்த வண்டியில் என்று சேர்த்துச் சொல்லுங்கள். நடந்து செல்லும் தூரத்தில் பேருந்து நிறுத்தம் இருக்கிறதென்றால் அதன் பெயரைக் குறிப்பிடுங்கள்.

வீட்டு வாசல் சாலையின் அகலம் இன்னொரு முக்கியமான எண். மனைப்பிரிவு வரைபடத்தில் 20 அடி என்று இருக்கும். டேப் வைத்தால், எதிர்வீட்டுக்காரர் போட்ட படிக்கட்டும் திறந்த வாய்க்காலும் போக வண்டி ஓடும் அகலம் 14 அடிதான் கிடைக்கும். ‘வரைபடப்படி 20 அடி, நேரில் வண்டி செல்லும் அகலம் 14 அடி’ என்று இரண்டையும் எழுதினால் கார் வைத்திருப்பவர் தானே புரிந்துகொள்வார். அது உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்பட்ட சாலையா, நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து பயன்படுத்தும் பொதுப் பாதையா என்பதையும் பத்திரத்தில் பார்த்து எழுதுங்கள். அக்கம்பக்கத்தவரைப் பற்றி ‘நல்ல ஆட்கள் வாழும் பகுதி’ என்பது போன்ற, சாதியையோ மதத்தையோ மறைமுகமாகச் சுட்டும் வாக்கியங்கள் வேண்டவே வேண்டாம்.

மெட்ரோவைப் பொறுத்தவரை பதில் எளிது. திருமங்கலம் முதல் ஒத்தக்கடை வரை மெட்ரோ ரயில் என்பது மாநில அரசு முன்வைத்த திட்டம். ஒன்றிய அரசு 2025 நவம்பரில் அந்தத் திட்ட அறிக்கையைத் திருப்பி அனுப்பியது. ஒப்புதல் பெறாத ரயிலை ஒரு வீட்டின் வசதியாக எழுதக் கூடாது. வரப்போகும் பேருந்து நிலையம், தொழிற்பேட்டை, சாலை விரிவாக்கம் எல்லாவற்றுக்கும் இதுவே வழி: இன்று கண்ணால் பார்ப்பதை மட்டும் எழுதுங்கள். சாலை விரிவாக்கத்தில் வேறொன்றும் இருக்கிறது. அது வந்தால் வீட்டின் முன்பகுதியே போகலாம்.

‘அப்ரூவ்டு’ என்ற ஒற்றைச் சொல் விளம்பரங்களில் குறைந்தது மூன்று பொருளில் வருகிறது. மனைப்பிரிவுக்கு நகர ஊரமைப்புத் துறை தந்த அங்கீகாரம் ஒன்று. அந்த மனையில் வீடு கட்ட உள்ளாட்சி அமைப்போ திட்டக் குழுமமோ தந்த கட்டட அனுமதி இன்னொன்று. அங்கீகாரமில்லாத மனைப்பிரிவில் வாங்கிய மனையை 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி வரன்முறைப்படுத்திய ஆணை மூன்றாவது. கடைசியானது 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளுக்கானது. உங்கள் வீட்டுக்கு இவற்றில் எது இருக்கிறதோ அதன் பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள். காட்டிய தாளில் ஊராட்சித் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் மட்டும் இருந்தால் அது மனைப்பிரிவு அங்கீகாரம் ஆகாது. மனைப்பிரிவை அங்கீகரிக்கும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குத் தனியாகக் கிடையாது. ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று எழுதினால் வங்கிக் கடனை நம்பி வருபவரை ஏமாற்றுவதாகவே முடியும்.

‘100% கிளியர் டைட்டில்’ என்பதை நீங்கள் எழுதக் கூடாது, எந்தச் சூழ்நிலையிலும். இதற்கு ஆதாரமாகப் பெரும்பாலும் காட்டப்படுவது வில்லங்கச் சான்று. tnreginet.gov.in தளத்தில் அதை யாரும் பார்க்கலாம் என்பதால் அதில் ஒன்றும் இல்லையென்றால் சொத்தில் ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். வில்லங்கச் சான்றில் வருவது பதிவு செய்யப்பட்ட பரிமாற்றங்கள் மட்டுமே. தகப்பனார் இறந்த பிறகு வாரிசாக வந்த ஒரு மகளின் பங்கு, பதியாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கு ஆகியவை அதில் இல்லாமலே இருக்கலாம். நீங்கள் உறுதியாகச் சொல்லக்கூடியது, எந்த ஆவணத்தைக் கண்ணால் பார்த்தீர்கள் என்பதும் அதில் என்ன தெரிந்தது என்பதும்தான். ‘இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரையிலான வில்லங்கச் சான்று பார்க்கப்பட்டது, அதில் 2014-இல் வங்கி அடமானமும் 2021-இல் அதன் ரத்தும் உள்ளன, மூலப் பத்திரங்களை வாங்குபவர் தம் வழக்கறிஞரிடம் காட்டிக் கருத்து பெறவேண்டும்’ என்று எழுதினால் அது ஒரு சொல்லும் குறையாத உண்மை.

‘லோன் வசதி உண்டு’ என்பதும் இப்படித்தான். கடன் தருவது வங்கி; அது வாங்குபவரின் வருமானத்தையும் வங்கி வழக்கறிஞர், மதிப்பீட்டாளர் ஆகியோரின் அறிக்கையையும் பொறுத்தது. வாஸ்து பற்றி எழுதவேண்டுமென்றால் திசைகாட்டி வைத்துப் பார்த்து ‘வாசல் கிழக்கு நோக்கியது’ என்று எழுதி நிறுத்துங்கள். தண்ணீருக்கு, நீங்கள் போன அன்று மோட்டாரைப் போட்டு, குழாய் நீரை வாயில் வைத்துப் பார்த்து, கண்டதை எழுதுங்கள்.

இவற்றையெல்லாம் சேர்த்து நம் உதாரண வீட்டுக்கு நான் எழுதினால் விவரக் குறிப்பு இப்படி இருக்கும். வீடியோவுக்குக் கீழே முதல் இரண்டு வரிதான் விரிக்காமலே தெரியும் என்பதால் இடமும் மனை அளவும் விலையும் அங்கேயே வந்துவிடுகின்றன.

“மதுரை ஒத்தக்கடைப் பகுதியில் தனி வீடு. மனை 1,290 சதுர அடி (2.96 சென்ட்). உரிமையாளர் கேட்கும் விலை ரூ.68 லட்சம், பேச்சுக்கு உட்பட்டது. பத்திரச் செலவு தனி. விலை 12.01.2026 அன்று கேட்டது.

மனை பத்திரப்படி கிழமேல் 30 அடி, தென்வடல் 43 அடி. தனிப்பட்டா, பட்டாவில் 1.20 ஏர். வீடு 2009-இல் கட்டியது, வீட்டு வரி ரசீதுப்படி. தரைத்தளம் 760, முதல் தளம் 540, ஆக 1,300 சதுர அடி. போர்டிகோவும் ஹெட்ரூமும் 150 சதுர அடி தனி. மூன்று படுக்கையறைகள், மாடியில் உள்ள ஒன்று, 150 சதுர அடி, பிற்பாடு கட்டியது, அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் இல்லை. அறை அளவுகள் வீடியோவில் எழுத்தில் வரும். அவை உள்ளளவு, எங்கள் டேப்பில் அளந்தவை. வீடியோ வைடு லென்ஸில் எடுத்தது.

வாசல் கிழக்கு. வாசல் சாலை வரைபடப்படி 20 அடி, வண்டி செல்லும் அகலம் 14 அடி. மேலூர் சாலையிலிருந்து 1.8 கிலோமீட்டர், கடைசி 300 மீட்டர் மண் சாலை. போர் 280 அடி என்று உரிமையாளர் சொல்கிறார், நாங்கள் அளக்கவில்லை. வீடியோ எடுத்த அன்று தண்ணீர் வந்தது, சற்று உப்புச் சுவை. மாடிக் குளியலறைக்குக் கீழே கூடத்தின் கூரையில் ஈரக்கறை உள்ளது, வீடியோவில் காட்டியிருக்கிறோம்.

நாங்கள் பார்த்தவை: கிரயப் பத்திரம், பட்டா, கட்டட வரைபடம், வரி ரசீது, 30 ஆண்டு வில்லங்கச் சான்று. இவை எங்கள் சட்டக் கருத்து அல்ல. வாங்குபவர் தம் வழக்கறிஞரையும் பொறியாளரையும் வைத்துச் சரிபார்க்கவேண்டும். கடன் வங்கியின் முடிவைப் பொறுத்தது. வாங்குபவர் தரகு ஒரு விழுக்காடு. இந்த வீடியோவுக்கு உரிமையாளரிடம் கட்டணம் பெற்றுள்ளோம்.”

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பணம் வாங்கிப் போடும் வீடியோவில் அந்த உறவைச் சொல்லவேண்டும் என்பது 2022-இல் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்களின் எதிர்பார்ப்பு. புதிய குடியிருப்புத் திட்டத்துக்கோ மனைப்பிரிவுக்கோ வீடியோ எடுத்தால் பொறுப்பு இன்னும் கூடுகிறது: பதிவு செய்யவேண்டிய திட்டத்தைத் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைக் குழுமத்தில் பதியாமல் விளம்பரம் செய்யவே கூடாது, பதிவு எண் விளம்பரத்தில் இருக்கவேண்டும், அதில் விற்பனைக்கு உதவும் தரகரும் பதிவு பெற்றிருக்கவேண்டும். தனி ஒருவர் தம் பழைய வீட்டை விற்கும் உங்கள் வீடியோவுக்கு அந்தப் பதிவு எண் கிடையாது. எனவே ‘ரெரா அப்ரூவ்டு’ என்று சேர்க்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

பத்திர எண், கதவு எண், உரிமையாளரின் கைபேசி எண் ஆகியவற்றைப் பொதுவில் போடாமல், நேரில் வருபவருக்கு உரிமையாளரின் சம்மதத்தோடு கொடுங்கள். ஆவணத்தை வீடியோவில் காட்டினால் ஆதார் எண், கையெழுத்து, கைரேகை ஆகிய மூன்றும் மறைந்திருக்கின்றனவா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

வீடியோவைப் போட்ட பிறகு அதில் பேசியதை மாற்ற முடியாது. விவரக் குறிப்பை எந்நேரமும் திருத்தலாம். விலை மாறினால் பழைய விலையை அழிக்காமல் புதிய விலையைத் தேதியோடு மேலே எழுதுங்கள். வீடு விற்றுவிட்டால் முதல் வரியிலும் தலைப்பிலும் ‘விற்பனையாகிவிட்டது’ என்று சேர்த்து, தொடர்பு எண்ணை எடுத்துவிடுங்கள். பார்வையாளர் யாராவது பட்டா அளவு வேறாக இருக்கிறதே, சாலை இவ்வளவு இல்லையே என்று சுட்டிக்காட்டினால் உரிமையாளரிடம் கேட்டு, ஆவணத்தை மறுபடி பார்த்து, தவறாக இருந்தால் எந்த எண் எப்போது திருத்தப்பட்டது என்று குறிப்பிலேயே எழுதிவிடுங்கள்.